தைப்பூசம் வரை கட்டுரை இல்லை

வாரந்தோறும் தவறாமல் படிக்கிறவர்களுக்கு முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆடி மாதம் தொடங்கி அடுத்த தைப்பூசம் முடியும்வரை நான் புதிதாக எதுவும் எழுதப் போவதில்லை. ஏறத்தாழ ஆறரை மாதம். பழைய கட்டுரைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வேண்டியவை தீர்ந்துபோகவும் இல்லை. வேறொரு வேலை கைக்கு வந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போட முடியாது, கட்டுரையைத் தள்ளிப்போடலாம். அந்த வேலை என்ன, அதற்கு ஏன் இத்தனை மாதம் பிடிக்கும் என்பதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

என் மாமா சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். எண்பதுகளின் நடுவில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. லயத்தில் இருந்த வயதானவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, கேசட்டில் பதிவு செய்ய ஆரம்பித்தார். பத்திரிகைக்கு எழுதவோ பட்டம் வாங்கவோ இல்லை. இவர்கள் போய்விட்டால் இந்தக் கதைகளைச் சொல்ல ஆளில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். வேலை முடிந்த சாயங்காலங்களில், பேட்டரியில் ஓடும் சின்ன டேப் ரெக்கார்டரோடு வீடு வீடாகப் போனார். மாமா இறந்த பிறகு அந்தக் கேசட்டுகள் பிஸ்கட் டின்களில் அத்தையின் அலமாரிக்கு மேலே இருந்தன. இந்த ஆண்டு அத்தை வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறார். டின்கள் என்னிடம் வந்துவிட்டன. நூற்றுக்குச் சற்று மேல்.

அவற்றில் என்ன இருக்கிறது என்பது மாமாவின் கையெழுத்தில் ஒரு நோட்டில் பாதிக்குப் பாதி இருக்கிறது. சயாமுக்குப் போய்த் திரும்பி வந்த ஒரு பெரியவர். 1948 ஜூன் 16-ம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட அன்று இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறவர்கள். அந்தச் சம்பவத்தைத் தொடர்ந்துதான் அவசரகாலம் பிரகடனமானது என்பதை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அன்று காலையில் பெரட்டில் நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த குடும்பங்கள் வேலை பர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறிய கதை. மரம் சீவும் கத்தியைத் தீட்டுவது எப்படி என்று ஒரு கேசட் முழுக்க ஒருவர் பேசுகிறார்.

சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். ஜப்பானியர்கள் அதை 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதற்குக் கொண்டுபோனார்கள், ஏராளமானவர்கள் திரும்பவில்லை. அப்போது இருபது வயதாக இருந்தவருக்கு இன்று நூறு தாண்டியிருக்கும். இனி அவரைத் தேடிப்போய்க் கேட்க முடியாது. அவர் குரல் இருக்கும் ஒரே இடம் அந்த பிஸ்கட் டின். அதனால்தான் அவசரம் என்கிறேன்.

கேசட் எப்படி அழிகிறது என்று நம்மில் பலருக்கும் தெரியாது. அலமாரியில் இருந்தால் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மேல் பசையோடு சேர்த்துப் பூசிய காந்தத் துகள். 90 நிமிட கேசட்டில் அந்தப் பட்டை, பூச்சையும் சேர்த்து ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் கூடுதல். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். அறுபது எழுபது சதவீத ஈரத்துக்கு மேலே போனால் பூஞ்சை வளரும், நம் வீடுகளில் அது இரவெல்லாம் எண்பதைத் தாண்டி நிற்கும். மூடிய டின்னுக்குள் போன ஈரம் வெளியே வருவதில்லை. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிய நாடாவின் விளிம்பு பழுப்பாக, வழவழப்பாக, ஒரே சமமாகத் தெரிய வேண்டும். வெள்ளையாகப் பொடி தூவியது போலவோ, சிலந்தி நூல் போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. அப்படி இருக்கும் கேசட்டை மட்டும் தயவுசெய்து எதிலும் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியும்போது பூச்சு உரிந்து வரும், உரிந்த இடத்தில் இருந்த பேச்சு திரும்பக் கிடைக்காது. அதோடு பூஞ்சை, கேசட் ஓட்டும் டெக்கின் உள்ளே போய் அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். அதன் தூளை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை.

மாமாவின் கேசட்டுகளில் ஐந்தில் ஒன்றுக்கு இந்த வெள்ளை இருக்கிறது. அவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடும் சின்ன ஈரமானி ஒன்றோடும் வைத்திருக்கிறேன். முள் 40-க்குக் கீழே நிற்க வேண்டும். சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறினால் மாற்ற வேண்டும். சில வாரம் இப்படி இருந்தால் பூஞ்சை காய்ந்து வளர்ச்சி நின்றுவிடும், ஒட்டாமல் பொடியாக உதிரும். அதன்பிறகு வீட்டுக்கு வெளியே, நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டி எடுக்கலாம். அப்புறம்கூட உடனே ஓட்டாமல், விரல் கொடுத்து மெதுவாக ஒரு முறை சுற்றி, எங்கேயும் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டெக்கில் போட வேண்டும்.

கேள்விப்பட்ட யோசனைகளில் மூன்றை யாரும் செய்துவிட வேண்டாம். வெயிலில் காயவைக்கச் சொல்கிறார்கள். சூட்டில் கேசட் கூடு நெளியும், நாடாவும் நீளும். ஐஸ்பெட்டியில் வைக்கச் சொல்கிறார்கள். வெளியே எடுக்கும்போது வேர்த்து, இருந்த ஈரம் போதாதென்று புது ஈரம் சேரும். அடுப்பில் சூடுகாட்டுவது என்று ஒன்று உண்டு. சில வகைப் பெரிய ஸ்டூடியோ நாடாக்களின் பசை இளகிப்போனால், அளந்த சூட்டில் நிபுணர்கள் செய்யும் சிகிச்சை அது. பூஞ்சைக்கும் நம் வீட்டு கேசட்டுக்கும் அதில் வேலை இல்லை.

நல்ல கேசட்டுகளிலும் ஒரு தொந்தரவு. கேசட்டின் திறந்த வாயில், நாடாவுக்குப் பின்னால், ஒரு செம்புப் பட்டையில் சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை டெக்கின் தலையோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். முப்பது நாற்பது வருடத்தில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். ஓட்டினால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், நடுநடுவே மறையும். கேட்கிறவர்கள் நாடா கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நாடா நன்றாகத்தான் இருக்கும். ஐந்து சின்னத் திருகாணி போட்ட கேசட்டாக இருந்தால் அதைத் திறந்து, இரண்டு சுருளையும் அப்படியே தூக்கி, புதிதாக வாங்கிய ஒரு காலி கேசட் கூட்டுக்குள் மாற்றிவிடலாம். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடியதாக இருந்தால் விளிம்பில் கத்தி கொடுத்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதில்தான் கை நடுங்குகிறது. நாடா அறுந்திருந்தால் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் டேப் வேண்டும். செல்லோடேப்பின் பசை சில மாதத்தில் கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பதிவே ஆரம்பிக்கிறது. அதற்குக் குறுக்குவழி இல்லை. 90 நிமிட கேசட்டைக் கணினிக்கு ஏற்ற 90 நிமிடம் ஆகும். வேகமாக ஓட்டி ஏற்றும் கருவிகள் உண்டு, அவை தரத்தைத் தின்றுவிடும். முன்னாலே டெக்கின் தலையைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைக்க வேண்டும், கேசட்டை ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்ற வேண்டும். பின்னாலே காதுகொடுத்துக் கேட்டு, யார் பேசுகிறார், எந்த நிமிடத்தில் எதைப் பேசுகிறார் என்று குறிக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு கேசட்டுக்கு அரை நாள் தாராளமாகப் போகிறது. நான் வேலைக்குப் போய் வருகிறவள். இரவுகளையும் ஞாயிற்றுக்கிழமையையும் முழுக்கக் கொடுத்தால் வாரத்துக்கு நான்கு கேசட் முடிக்கலாம். நூறு கேசட்டுக்கு இருபத்தைந்து வாரம். நூற்றுக்கு மேல் இருப்பவற்றுக்கும் இடையில் வரும் மற்ற வேலைகளுக்கும் இன்னும் சில வாரம். நீங்கள் ஒவ்வொரு வாரமும் படித்த கட்டுரையும் அதே இரவுகளில்தான் எழுதப்பட்டது. ஆறரை மாதக் கணக்கு இப்படித்தான் வந்தது.

ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு சொல்கிறேன், வேலையின் தன்மை புரியும். மாமாவின் நோட்டில் அதற்கு எண் 14. வெளியே அவர் கையெழுத்தில் 'பெரியக்கா, 5-ஆம் லயம்' என்று இருக்கிறது. தேதி இல்லை.

முதலில் போட்டுக் கேட்டபோது பெரியக்காவின் குரல் பதினைந்து வயதுப் பெண்ணின் குரல் போல, மெல்லிசாக, படபடவென்று இருந்தது. பதிவு செய்த அன்று மாமாவின் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கியிருக்கிறது. பேட்டரி இறங்கினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், நாடா மெதுவாக நகரும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டும் டெக்கில் போட்டால் எல்லாம் அவசரமாகவும் கீச்சென்றும் கேட்கும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைக் காதால் முடிவு செய்யக் கூடாது. அவரை நான் பார்த்ததில்லை, அவர் குரல் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது?

வழியைப் பக்கத்து வீட்டு ரேடியோ காட்டியது. பேச்சுக்கு நடுவே தூரத்தில் ஒரு பழைய சினிமாப் பாட்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடுகிறது. அதே பாட்டின் நல்ல பிரதி என்னிடம் உண்டு. நல்ல பிரதியில் முதல் தாளத் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை 200 விநாடி, கேசட்டில் 188 விநாடி. அப்படியென்றால் நூற்றுக்கு ஆறு பங்கு குறைக்க வேண்டும். நடுவில் ரேடியோக்காரர்கள் பாட்டை வெட்டியிருந்தால் இந்தக் கணக்கு தப்பாகிவிடும் என்பதால், பாட்டுக்குள் வேறு இரண்டு இடங்களையும் அளந்தேன். விகிதம் ஒத்துப்போனது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில், வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியில் ஆறு சதவீதம் குறைத்ததும் கனமான, நிதானமான ஒரு நடுவயதுப் பெண் பேசினார். பேட்டரி போகப்போக இன்னும் இறங்கும் என்பதால் இரண்டாம் பக்கத்துக்கு இதே எண் பொருந்தாது. அங்கே ரேடியோ இல்லை. மாமாவின் குரல் இருக்கிறது, அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆனாலும் அது மதிப்பீடுதான் என்று கோப்போடு குறித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சரிசெய்ய வேண்டியிருந்தது. ரெக்கார்டரின் தலை நாடாவைத் தொட்ட கோணமும் என் டெக்கின் தலை தொடும் கோணமும் சற்று வேறு. ஒரு முடியளவு சாய்ந்தாலும் பேச்சில் ச, ஸ போன்ற ஒலிகள் மங்கிவிடும். டெக்கின் தலைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே அதைத் துளித்துளியாகத் திருப்ப வேண்டும், எழுத்துகள் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். நான் திருப்பிய கால்வாசிச் சுற்றில் 'சின்ன தொரை' என்ற சொல் துலங்கி வந்தது. அதற்கு முன் அது 'இன்ன தொரை' என்றுதான் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

டெக்கிலிருந்து வந்ததை அப்படியே ஒரு கோப்பாக வைத்துவிடுகிறேன். அதில் வேகமும் மாற்றுவதில்லை, இரைச்சலும் நீக்குவதில்லை. திருத்தியதெல்லாம் அதன் நகலில்தான். பெயர் இப்படி:

```
K014_A_raw.wav
K014_A_speed-6.wav
K014_B_raw.wav
```

நாளைக்கு என்னைவிடத் தெரிந்த ஒருவர் வந்து, இரண்டாம் பக்கத்தின் வேகம் தப்பு என்று சொன்னால், அவர் தொடங்குவதற்கு மூலம் கைபடாமல் இருக்க வேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் வைக்கிறேன். ஒரு 90 நிமிட கேசட்டுக்கு மூன்று கிகாபைட்டுக்குச் சற்று மேல் வருகிறது. எல்லாம் சேர்ந்தாலும் கையடக்கமான ஒரு டிஸ்க்கில் அடங்கிவிடும். மூன்று நகல் எடுத்து, ஒன்று என்னிடம், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று ஈப்போவில் தம்பி வீட்டில். இங்கே வெள்ளம் வந்தாலும் திருடன் வந்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.

கேட்பதற்கு இவ்வளவு நேரம் கொடுக்கிறேனே, முக்கியமான இடங்களை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். பெரியக்காவின் கேசட்தான் அதற்குப் பதில். முதல் பக்கம் முழுக்க அவர், 'நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க', 'குறையொண்ணும் இல்ல தம்பி' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் தோட்டத்துக் கிராணி. பால் எடை போட்டவர், செக்ரோலில் பேர் போட்டவர். அவர் முன்னால் மரம் சீவும் ஒரு பெண் வேறென்ன சொல்வார்? மாமாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் கால்மணி நேரம் அவர் கேள்வியே கேட்கவில்லை. மகன் பள்ளிக்கூடம், மழைக்காலம், வெளிக்காட்டில் கண்ட பாம்பு என்று பேச்சு தன்பாட்டுக்கு ஓடுகிறது. அதன்பிறகு, யாரும் கேட்காமலே, மழையில் பால் கெட்டுப்போன நாட்களில் எடை எப்படிக் குறைத்துப் போடப்பட்டது என்று அவர் சொல்கிறார். அப்போது எடை போட்டவர் யார் என்றும் சொல்கிறார். மாமா இல்லை, அவருக்கு முன் இருந்தவர். முதல் பக்கத்தை மட்டும் கேட்டு எழுதுகிறவர் தோட்டத்தில் குறையே இல்லை என்று எழுதுவார். பாம்புக் கதையைத் தாண்டி ஓட்டுகிறவருக்கு எடைக் கதை கிடைக்காது.

எடை போட்டவரின் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவர் பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். இந்த ஆறரை மாதத்தில் நேரம் பிடிக்கப் போகும் இன்னொரு வேலை இதிலிருந்து வருகிறது. மாமா பதிவு செய்ய அனுமதி கேட்டார். இதுவரை நான் கேட்ட எல்லாக் கேசட்டின் தொடக்கத்திலும், 'இதப் பதிஞ்சிக்கலாமா?' என்று அவர் குரல் இருக்கிறது. ஆனால் ஊர் முழுக்கக் கேட்கும்படி வெளியிடலாமா என்று அன்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்படி ஒன்று சாத்தியம் என்றே அவர்களுக்குத் தெரியாது. பேசியவர்களில் அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். ஆகவே பிள்ளைகளைத் தேடிப்போய், போட்டுக் காட்டி, கேட்க வேண்டும்.

பெரியக்காவின் மகள் இப்போது டவுனில் இருக்கிறார். போன மாதம் போனேன். அம்மாவின் குரலை அவர் முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டதில்லை. தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்ப போடு தங்கச்சி."

முழுவதும் கேட்டார். எடைக் கதை வந்த இடத்தில் திரும்பவும் போடச் சொன்னார். பிறகு சொன்னார்: "அம்மா சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். அதுல ஒண்ணும் பொய்யில்ல. ஆனா எங்க சித்தப்பாவப் பத்தி ஒரு எடத்துல பேசுறாங்க பாரு, அத மட்டும் வெளிய விடாத. அவரு பிள்ளைங்க இருக்காங்க."

"சரிங்கக்கா. உங்க கிட்ட குடுக்குற பிரதியில வெட்டாம இருக்கும். வெளிய விட்டா அந்த எடம் இருக்காது."

"எனக்கு முழுசா வேணும்" என்றார்.

இந்த ஏற்பாட்டைத்தான் எல்லாக் குடும்பத்தோடும் செய்யப்போகிறேன். மூலம் வெட்டாமல் பாதுகாப்பில் இருக்கும். குடும்பத்துக்கு முழுப் பிரதி. வெளியே போவது குடும்பம் சரி என்று சொன்ன பகுதி மட்டும். குடும்பமே கிடைக்காத கேசட்டுகளை இப்போதைக்கு வெளியிட மாட்டேன். அடிதடி, கள்ளுக்கடைச் சண்டை, யாரோடு யார் ஓடிப்போனார் என்று பெயரோடு வருகிற இடங்கள் நிறைய உண்டு. வரலாற்றுக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உயிரோடு இருப்பவர்களை அதற்குள் இழுத்துவிட எனக்கு மனம் இல்லை. இதில் என்னோடு ஒத்துப்போகாத ஆய்வாளர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் மூலம் அழியாமல் இருப்பதுதான் முதல் தேவை.

ஏன் கட்டுரையையும் எழுதிக்கொண்டே இதைச் செய்யக் கூடாது என்றும் கேட்பீர்கள். வாரம் ஒன்று எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், இந்த வாரம் கேட்ட கேசட்டிலிருந்து எதையாவது எடுத்து எழுதிவிடத் தோன்றும். சயாமிலிருந்து திரும்பியவரின் கேசட்டில் முதல் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். அதை மட்டும் வைத்தே உங்களைக் கலங்கவைக்கும் கட்டுரை ஒன்று எழுதிவிடலாம். அவர் குடும்பத்தை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, மீதி எண்பது நிமிடத்தில் என்ன சொல்கிறார் என்றும் தெரியாது. எழுதுகிற கையை ஒதுக்கி வைத்தால்தான் கேட்கிற காது ஒழுங்காக வேலை செய்யும்.

ஆகவே கால வரிசை இது. ஆடியிலிருந்து புரட்டாசிவரை நல்ல நிலையில் இருப்பவை, அதிலும் மிக வயதானவர்கள் பேசியவை முதலில். பூஞ்சை பிடித்தவை அதுவரை பெட்டிக்குள் காயட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் எந்தப் பழைய கேசட்டையும் திறக்கப் போவதில்லை. அந்த இரண்டு மாதமும் ஏற்றியதைக் கேட்டுக் குறிப்பெடுப்பதும் வீடு வீடாகப் போவதும். தீபாவளிக்கு வெளியூரிலிருந்து பிள்ளைகள் எல்லாம் திரும்பியிருப்பார்கள், ஆட்களைப் பிடிக்க அதுதான் நல்ல நேரம். மழை விட்ட பிறகு, மார்கழி தையில் பூஞ்சைக் கேசட்டுகள். அவற்றில் சில தேறாது. எவை தேறவில்லை என்பதையும் திரும்பி வந்ததும் எழுதுவேன்.

தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி தொடங்குகிறேன். முதலில் வரப்போவது கத்தி தீட்டுகிறவரின் கேசட். அவர் மகன் தலையாட்டிவிட்டார். சீவும் கோணம், பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே போனால் மரம் காயப்படும் என்று அவர் சொல்வதை முழுக்க எழுத்தில் தருவேன். இடையில் எனக்கு வரும் கடிதங்களைப் படிப்பேன், பதில் தாமதமாகும். அந்தப் பகுதித் தோட்டங்களில் எண்பதுகளில் இருந்து, கிராணி ஒருவர் வீட்டுக்கு வந்து பேச்சைப் பதிவு செய்தார் என்ற நினைவு உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், அந்தக் கடிதத்துக்கு மட்டும் உடனே பதில் வரும்.

உங்கள் வீட்டிலும் இப்படி கேசட் இருக்கக்கூடும். கல்யாணப் பதிவாகவோ, தாத்தாவின் பாட்டாகவோ. என்னிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம், தைவரை கை நிறைய இருக்கிறது. தபாலிலும் அனுப்ப வேண்டாம். டின்னிலிருந்து எடுத்து, ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளை இருப்பதையும் இல்லாததையும் பிரித்து வையுங்கள். படுக்கவைக்காமல் புத்தகம் அடுக்குவது போல நிமிர்த்தி அடுக்குங்கள். ஸ்பீக்கர், டிவி பக்கம் வைக்காதீர்கள். மேலே இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகள் இருக்கும், அவற்றை உடைத்து எடுத்துவிட்டால் தெரியாமல் அழுத்தியும் மேலே பதிய முடியாது. அப்புறம் ஒரு துண்டுத் தாளில், பேசுகிறவர் யார், எந்த வீடு, எந்த வருடம் என்று, உங்களுக்குத் தெரிந்தவரை, இன்றே எழுதிக் கூட வையுங்கள். மாமாவின் நோட்டில் பெயர் இல்லாத கேசட்டுகள் பதினேழு இருக்கின்றன. அவற்றில் பேசுவது யாரென்று சொல்லக்கூடியவர்களில் அத்தை ஒருவர்தான் மிச்சம். இந்த ஞாயிறு முதல் கேசட்டை அவருக்குத்தான் போட்டுக் காட்டப் போகிறேன்.